இளங்கோயிற் காலம்

நானுஓயாப் புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரிலும் கடைத்தெருத் தூண்களிலும் சில வேளைகளில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கக் காணலாம். அதன் தொடக்கம் எப்போதும் ஒரே அச்சில் வார்த்தது போன்றது. நிகழும் மங்களகரமான இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன திதியும் நட்சத்திரமும் கூடிய சுபவேளையில் அம்மனுக்குப் பாலஸ்தாபனம் நடைபெறும் என்றும், அன்று முதல் கும்பாபிஷேகம் நிறைவுறும் வரை மூலஸ்தானம் மூடப்பட்டிருக்கும் என்றும் அது சொல்லும். அதற்குக் கீழே, திருப்பணிக்கு அடியார்கள் பணமாகவோ பொருளாகவோ சரீர உழைப்பாகவோ உதவுமாறு வேண்டிக்கொள்ளும். பின்னர்ச் சீமெந்து, மணல், கருங்கல், கம்பி, பலகை என ஒரு பட்டியல். கடைசியில், இங்ஙனம் ஆலய பரிபாலன சபையார்.

ஒரே தாளில் அச்சாகும் இவ்விரு செய்திகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. மூலஸ்தானத்தை மூடுவது ஆகமம் வகுத்த முறை. உழைப்பைக் கேட்பது ஆகமக் கோயில் இம்மலைகளுக்கு வருமுன்னரே இங்கு வழக்கிலிருந்த முறை. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதே மலைநாட்டுக் கோயில்களின் கதையிற் பாதியாகும்.

முதலில், கதவு மூடப்படுவதன் காரணத்தைப் பார்க்கலாம். கருவறையில் உள்ள திருவுருவம் பீடத்தின் மேல் வெறுமனே நிறுத்தப்பட்டதன்று. பீடத்துக்கும் உருவத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அட்டபந்தனம் என்னும் சாந்தினால் இறுக அடைக்கப்படும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்த்து இடித்துச் செய்வதால் அதற்கு அட்டபந்தனம் என்று பெயர். உலக்கையால் இடிக்க இடிக்கக் கலவை சூடேறி இளகும். இளகிய பதத்திலே திரித்துப் பீடத்தின் விளிம்பைச் சுற்றி அழுத்திவிட வேண்டும். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நானுஓயாவில், தை மாசி மாதங்களிற் புல்லின் மேல் உறைபனி படியும் காலையில், மெழுகும் வெண்ணெயும் விரைவில் விறைத்துவிடுமாகையால், யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ இடிப்பதினும் அதிக நேரம் கை ஓயாமல் இடிக்கவேண்டியிருக்கும்.

இச்சாந்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு என்பது வழக்கு. அது தேய்ந்துவிட்டதை எப்படி அறிவது? அபிடேக நீர் கோமுகி வழியாக முழுதும் வெளியே வராமற் பீடத்தின் அடியில் இறங்கத் தொடங்கும். விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். அவ்வெடிப்பில் எறும்பு ஊர்வதைப் பூசகரே முதலிற் காண்பார். உருவத்தின் அடியில் வைத்த யந்திரத் தகடும் மணிகளும் ஈரத்திற் கிடக்கின்றன என்பதற்கு இவையே அறிகுறிகள். அவ்வாறு கண்டபின் வெடிப்பின் மேலே பூசி மறைப்பது முறையன்று. பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்து சாத்த வேண்டும். அதற்குக் கொத்தனும் சிற்பியும் கருவறைக்குள் நுழைந்து, திருவுருவத்தைக் கையால் தொட்டு, வேண்டுமானால் நெம்பியும் எடுக்க வேண்டும். வழிபாட்டில் இருக்கும் மூர்த்தியை அங்ஙனம் செய்ய எவர் துணிவார்?

இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காகவே பாலஸ்தாபனம் ஏற்பட்டது. முதலில் அனுக்ஞை, அதாவது திருப்பணி தொடங்குவதற்கு இறைவனிடமும் ஆசாரியரிடமும் விடைபெறுதல். அடுத்து விநாயகர் வழிபாடும் மனைச் சாந்தியும். அதன்பின் நடப்பதே இவற்றுள் முக்கியமான கிரியை. அதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். நூல் சுற்றி நீர் நிறைத்து மாவிலையும் தேங்காயும் வைத்த கும்பம் ஒன்று கருவறையின் முன் வைக்கப்படும். மூர்த்தியையும் கும்பத்தையும் தருப்பையாலும் நூலாலும் இணைத்து, உருவத்தில் உறைந்த அருட்கலை கும்ப நீரிற் சேர்வதாகப் பாவித்து மந்திரம் சொல்லுவார்கள். பிறகு அக்கும்பத்தை வேறோரிடத்துக்கு எடுத்துச் சென்று, அத்திப் பலகையில் எழுதிய திருவுருவத்தில் அக்கலையைச் சேர்ப்பார்கள். திருப்பணி முடியும் வரை அப்பலகையே மூலமூர்த்தி; பூசை யாவும் அதற்கே. அந்தச் சிறிய இடம் பாலாலயம் எனப்படும். பழந்தமிழில் இதனை இளங்கோயில் என்றனர். சோழ நாட்டுத் திருமீயச்சூரில் இளங்கோயில் என்றே பெயர் பெற்ற தலம் ஒன்று அப்பரால் பாடப்பெற்றிருத்தலின், இவ்வழக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையது என்று கொள்ளலாம்.

கும்பம் வெளியேறிய மறுகணமே கருவறை ஒரு கட்டடம் ஆகிவிடுகிறது. உள்ளே நிற்பது சிற்பம். இதுவரை குருக்களைத் தவிர வேறெவரும் மிதியாத தரையிற் கொத்தன் மண்வெட்டியோடு நிற்பான்; சாந்து சுமக்கும் பெண் கூடையோடு வாயிற்படியைத் தாண்டுவாள். பாலஸ்தாபனத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் இடைப்பட்ட சில மாதங்களே எந்தக் குலத்தவரும் கருவறைக்குள் கால்வைக்கக்கூடிய காலம். மூலஸ்தானம் மூடப்படும் என்ற அறிவித்தலின் உட்பொருளை இப்படியும் படிக்கலாம். அது வழிபடுவோனுக்கு மூடுகிறது. வேலை செய்வோனுக்குத் திறக்கிறது. தோட்டக் கோயிலில் இவ்விருவரும் ஒரே ஆள்.

இனி இம்மலைகளுக்குக் கருவறை வந்த விதத்தைச் சிறிது நோக்குவோம். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். இருக்கப் போகாத இடத்தில் யாரும் கற்கோயில் கட்டுவதில்லை. மரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமும் போதுமாயின. குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணை முடிந்துகொண்டு வந்து அக்கல்லின் அடியில் இட்டதாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. 1869 ஆம் ஆண்டிற் கோப்பி இலையில் நோய் கண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைத்தன. புகையிரதப் பாதை 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிற்று. அதுவரை மாட்டு வண்டியில் ஏறவேண்டியிருந்த இரும்பும் தகரமும் அதன்பின் இம்மலைக்கு எளிதில் வந்தன. மரத்தடிக் கல்லுக்குச் சுவரும் கூரையும் ஏற்பட்டதற்கு, ஆட்கள் நிலைத்ததும் பாதை வந்ததுமாகிய இவ்விரண்டுமே காரணம்.

ஆயினும் அக்கோயில்களிற் பூசை செய்தவர் பெரும்பாலும் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரே. காலையிற் பெரட்டுக்குப் போய் மாலையில் மணி அடிப்பார். கவ்வாத்துக் கத்திக்குப் பூசையிடும் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனி முதலிய தெய்வங்கள் வேலைத்தலத்திலேயே பிறந்தவை. அவற்றுக்குக் கருவறையும் இல்லை. மூடக் கதவும் இல்லை. கிடாவெட்டும் பொங்கலும் நடந்தன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் உயிர்ப்பலியைக் கண்டித்து எழுப்பிய குரல் பின்னாளில் மலைநாட்டையும் எட்டிற்று. படித்த பிள்ளைகளும் கடைத்தெரு வணிகரும் தோட்டத் தலைவர்களும் ஆகம விதிப்படி விமானமும் மகாமண்டபமும் வேண்டும் என்றனர். குருக்கள்மார் வந்தனர், கும்பாபிஷேகம் வந்தது. அதனோடு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூடித் திறக்கும் கருவறையும் வந்தது. நேற்றுவரை தன் கையால் மஞ்சள் பூசிய அம்மனை இனிப் படியின் கீழே நின்று காண வேண்டும் என்பது பூசாரியின் குடும்பத்துக்கு எளிதாக இருந்திராது. இதனை வளர்ச்சி என்று மட்டும் எழுதுவோர், கொடுத்த விலையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

அறிவித்தலின் இரண்டாம் பகுதியோ பழைய வழியிலேயே நின்றது. இறைபணிக்கு உடலுழைப்பைக் கொடுப்பதில் தமிழர்க்கு முன்மாதிரிகள் பல. உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பர் ஒருவர். வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறைசாற்றியதும், ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே பிட்டுக் கூலிக்கு மண் சுமந்ததும் மதுரைத் திருவிளையாடல். மலைநாட்டுத் தோட்டங்களில் இன்றும் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு ஓர் ஆள் என்றே கணக்கு. இந்நாட்டில் இத்தகைய வேலைக்குச் சிரமதானம் என்ற சொல் இப்போது பொதுவாகிவிட்டது.

ஆனால் தோட்டத்து உழைப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தோட்டத்தில் ஒருவரது நாள் எண்ணப்பட்ட நாள். பெரட்டில் வந்து நின்றால் செக்ரோலிற் பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கோயில் திருவிழாவுக்குச் செலுத்தும் பணம் பல தோட்டங்களிற் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. ஆகவே பணம் கொடுத்தோம் என்பது அங்கே கை நீட்டிக் கொடுத்த செயலாகத் தோன்றுவதில்லை. துண்டுச் சீட்டில் ஒரு வரி. எந்தச் செக்ரோலிலும் பதியாத ஞாயிற்றுக்கிழமையன்று மணல் சுமப்பதே தன் மனத்தாற் கொடுத்ததாகத் தோன்றும்.

அந்த மணலின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இலங்கையில் மணல் கியூப் கணக்கில் வாங்கப்படுகிறது. ஒரு கியூப் என்பது நூறு கன அடி. நிறை ஏறக்குறைய நாலரைத் தொன். லொறி பெரிய பாதையோடு நின்றுவிடும். கோயிலோ தேயிலை மலைக்கு மேலே, படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையுமாக அரை மைல் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நடைக்கு இருபத்தைந்து கிலோ தூக்கினால் ஒரு கியூபுக்கு 180 நடை. நாளொன்றுக்கு எட்டு நடை என்றால் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுதும் சுமக்க வேண்டும். சிறிய விமானமும் முன்மண்டபமும் கொண்ட கோயிலுக்கு ஐந்து கியூப் வேண்டுமாயின் 113 நாட்கூலி. இருநூறு குடும்பம் உள்ள தோட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று அழைத்தால், வந்தவர்களிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோரைக் கொண்டே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு மணலும் மேலே ஏறிவிடும். கூலி கொடுத்துச் செய்தாலோ, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக இருந்த 2022 ஆம் ஆண்டுக் கணக்கில், மணலின் விலையை நீக்கியும் சுமைகூலி ஒரு லட்சத்தைத் தாண்டும். சபையார் அறிவித்தலிற் சரீர உழைப்பைக் கேட்பது உபசார வார்த்தை அன்று. அது இல்லாமல் அக்கோயில் எழுவதே இல்லை.

பணத்துக்குப் பதிலாகப் பொருளைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. அதே 2022 ஆம் ஆண்டில் நாட்டின் நாணயம் சரிந்தபோது, ஆண்டுக்கு முன்னர் ஆயிரம் ரூபாயளவில் விற்ற ஐம்பது கிலோச் சீமெந்து மூட்டை மூவாயிரத்தை எட்டிற்று. முன்னதாக ஆயிரம் ரூபாய் கொடுத்தவரின் கொடை மூட்டையின் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மூட்டையாகவே கொடுத்தவரின் கொடை சுருங்கவில்லை. மேலும், மூட்டை கண்ணுக்குத் தெரிவது. எங்கே போயிற்று என்று எவரும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் சீமெந்து காத்திருக்காது. மலைநாட்டு ஈரக்காற்றில் மூன்று மாதம் அடுக்கி வைத்தால் மூட்டைக்குள்ளேயே கட்டிபட்டுவிடும். அனுபவமுள்ள சபையார் கல்லையும் கம்பியையும் முதலிற் கேட்டு வாங்கி, சீமெந்தை மட்டும் வேலை நடக்கும் வாரத்துக்கு வாக்குறுதியாக எழுதி வைப்பர்.

காலத்தை முடிவு செய்வது இதனினும் கடினம். கும்பாபிஷேகம் பெரும்பாலும் தை முதல் ஆனி வரையிலான உத்தராயணத்தில் நடைபெறும். மழையோ வைகாசி இறுதியில் தென்மேற்குப் பருவக் காற்றோடு தொடங்கிப் பல மாதம் விடாது. ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. ஆகவே கூரை பிரித்துச் சாந்து பூச உலர்ந்த காலம் தை, மாசி, பங்குனியே. அதற்குள் வேலையை முடித்துச் சித்திரை, வைகாசியிற் குடமுழுக்குச் செய்வது மலைநாட்டுக்குப் பொருந்திய வழி. ஆனால் பங்குனி, சித்திரை கொழுந்து பொலியும் பருவம். தோட்டம் ஆளை விடாது. பஞ்சாங்கம், மழை, கொழுந்து ஆகிய மூன்றும் இடம் விடும் நாளைத் தேடினால் மிஞ்சுவது சில ஞாயிற்றுக்கிழமைகளே.

நானுஓயாவுக்கு அண்மையில் உலகறிய நடந்த ஒரு நிகழ்ச்சியே இதற்குச் சான்று. நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் வீதியில், ஹக்கலைப் பூங்காவுக்கு இப்பால், ஓடைக்கரையில் அமைந்தது சீதாஎலியச் சீதையம்மன் கோயில். அங்கே 2024 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் கும்பாபிஷேகம் நடைபெற்றது. குரோதி வருடம் வைகாசி மாதம் ஏகாதசி, ஞாயிற்றுக்கிழமை. அபிடேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீர் கொண்டுவரப்பட்டது. இந்தியாவிலிருந்து சமயப் பெரியார்கள் வந்தனர். இராமாயணப் பெருமையால் யாத்திரிகர் திரளும் அக்கோயிலுக்கு வெளியுலக உதவி வந்தது. அதைச் சுற்றியுள்ள மலைகளில் இருக்கும் மாரியம்மன்களுக்குச் சரயு நீர் வருவதில்லை. அவற்றின் கும்பங்களில் நிறைவது தோட்டத்துப் பீலித் தண்ணீர். ஆயினும் நாட்பொருத்தமும் மழையும் ஞாயிறும் இரு வகைக் கோயில்களையும் ஒருங்கே கட்டுப்படுத்துகின்றன.

பாலஸ்தாபனம் செய்த பின் திருப்பணி நின்றுவிடுவதே எல்லாவற்றிலும் பெரிய துன்பம். கருவறை பிரிக்கப்பட்டிருக்கும், மூர்த்தி தகரக் கொட்டகையில் இருப்பார், மகோற்சவம் நடத்த இயலாது. ஆண்டுகள் போகும். இதற்குப் பணமுடையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மலைநாட்டில் ஒரு தலைமுறைக்கு வேறொரு காரணம் இருந்தது.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும், மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டனர். மீதி ஒன்றரை லட்சம் பேர் பின்னர் 1974 ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறும் பயணம் 1984 ஆம் ஆண்டு வரை நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் திருப்பணியை இதனோடு வைத்துப் பாருங்கள். சென்ற திருப்பணியில் மணல் சுமந்தவர் அடுத்த திருப்பணியின்போது இத்தோட்டத்தில் இருப்பாரா, நீலகிரியில் இருப்பாரா என்பது ஓர் அலுவலகக் கோப்பைப் பொறுத்திருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் வீடே இல்லாமற் போயிற்று. அங்ஙனமாகியும், புறப்படுமுன் கோயிலுக்கு ஒரு மணியோ குத்துவிளக்கோ வாங்கிக் கொடுத்துப் பெயர் பொறித்துச் சென்றவர் உண்டு. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று.

குடியுரிமை கிடைத்தும் கோயில் நிற்கும் நிலம் கோயிலுக்கு உரியதாகிவிடவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டு முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இதனால் ஆகமத்தில் இல்லாத ஓர் அனுக்ஞையும் தோட்டக் கோயிலுக்கு வேண்டியதாயிற்று. கல்லுடைக்கவும் மரம் தறிக்கவும் சுவரை நாலடி வெளியே தள்ளிக் கட்டவும் தோட்ட முகாமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். பழைய துரைமார் பலர் தகரமும் மரமும் கொடுத்து உதவியது உண்மையே. திருவிழா நடந்தால் ஆள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டான் என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் கொடுத்தவர் மனம் மாறினால் மறுக்கவும் முடியும். அறிவித்தலை ஒட்டுமுன் கைக்கு வரவேண்டிய முதற்பொருள் சீமெந்தும் அன்று, மணலும் அன்று, அந்தக் கடிதமே. அது இல்லாமற் கலாகர்ஷணம் செய்துவிட்டுப் பின்னர் எல்லைத் தகராற்றில் வேலை நின்றால், வெளியே எடுத்த கலையைப் பழைய பீடத்துக்குத் திருப்பவும் வழியிராது, புதியதில் ஏற்றவும் வழியிராது.

எல்லாம் கூடிவந்த தோட்டத்தில், குடமுழுக்குக்கு முதல் நாட்களில் எண்ணெய்க்காப்பு என்னும் கிரியை நிகழும். அறிவித்தலில் இதற்கும் ஒரு வரி இருக்கும். அடியார்கள் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை தம் கையாலேயே எண்ணெய் சாத்தலாம் என்று. புதுச் சாந்தில் நிறுத்திய திருவுருவத்தின் முன் வரிசையாகச் சென்று ஒவ்வொருவரும் ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டு வைப்பர். பெண்கள், பிள்ளைகள், மணல் சுமந்தவர்கள், பழைய பூசாரியின் பேரன் எல்லாரும் அவ்வரிசையில் உண்டு. வழக்கமாக மிக நீண்டு நிற்கும் வரிசை அதுவே. குறித்த நேரம் முடிந்ததும் உருவத்தைத் துடைத்து, யாகசாலைக் கும்பத்திலிருந்து கலையை மீண்டும் மூர்த்தியிற் சேர்ப்பார்கள். விமானத்துக் கலசத்தில் வரகு நிறைத்து நீர் வார்ப்பார்கள். அந்நேரம் முதற்கொண்டு கருவறைக்குள் குருக்கள் மட்டுமே செல்வார்.

அதன்பின் நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிடேகம். திருப்பணிக் கணக்கு வாசிக்கப்படும். மூட்டை கொடுத்தவர் பெயரும் நாள் கொடுத்தவர் பெயரும் அதில் வரும். இளங்கோயிலில் இருந்த அத்திப் பலகைக்கு இனி வேலை இல்லை. அதனை வீட்டிலோ மண்டபத்திலோ வைத்துக்கொள்வதில்லை. தோட்டத்தின் கீழே ஓடும் ஆற்றுக்குக் கொண்டுபோய் ஓடும் நீரில் விட்டுவிடுவார்கள். ஓயா என்பது சிங்களத்திற் சிற்றாறு. நானுஓயா ஆறு கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியோடு சேர்ந்து, கீழ்கரைக் கடலுக்குப் போகிறது.